வருத்தம் சாரின் நோட்டில் ஒரு பிழை

எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வருத்தம் சார் என்றுதான் சொல்வோம். இரண்டாம் பக்கத்தின் அடியில் தினமும் வரும் திருத்தப் பகுதியை எழுதுகிறவர் அவர். அந்தப் பகுதி எப்போதும் ‘வருந்துகிறோம்’ என்று முடியும். எவனோ ஒரு குறும்புக்காரன் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. காவல் நிலையத்திலிருந்து போன் செய்கிறவர்கள்கூட, “வருத்தம் சார் இருக்காரா?” என்று கேட்கும் நிலை வந்துவிட்டது. அவருக்குக் கோபமே கிடையாது. “பரவால்ல, பொருத்தமாத்தான் வச்சிருக்கான்” என்பார்.

ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில்கள், ஒன்று எழுத, ஒன்று எழுதுகிற பென்சில் தொலைந்தால் எழுத. தப்பு இருக்கிற இடத்தில் அவருக்கு மூக்கு வியர்த்துவிடும். கல்யாணத்துக்குப் போனால் அழைப்பிதழில் இருக்கிற முகூர்த்த நேரமும் மண்டபத்து வாசலில் எழுதியிருக்கிற நேரமும் ஒன்றா என்று பார்த்துவிட்டுத்தான் மணமக்களைப் பார்ப்பார். அவர் மனைவி உயிரோடு இருந்த காலத்தில் ஒருமுறை சொன்னாராம், “நான் நேத்து சொன்னதையும் இன்னிக்குச் சொல்றதையும் சேர்த்து வச்சுப் பாக்கற மனுஷனோட முப்பது வருஷம் ஓட்டிட்டேன், எனக்கு யாராவது பரிசு குடுக்கணும்” என்று. இதை வருத்தம் சாரே எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

நாங்கள் செய்தியாளர்கள் அவரை விரும்பவில்லை. மறைப்பானேன்? நாம் எழுதியது தப்பு என்று ஊருக்கே சொல்வதைத் தொழிலாக வைத்திருக்கிற ஒருவரை யாருக்குத்தான் பிடிக்கும்? அவர் நாற்காலியை விட்டு எழுந்தாலே எங்கள் வரிசையில் ஆளாளுக்குக் கணினித் திரைக்குள் தலையை விட்டுக்கொள்வோம். அவர் வந்து நிற்பார். கையில் நீல அட்டை போட்ட நீள நோட்டு. அதில் ஐந்து கட்டங்கள் கோடு போட்டிருக்கும். தேதியும் பக்கமும் ஒன்றில். அடுத்ததில் நாம் சொன்னது. அடுத்ததில் உண்மை. நாலாவதில் தவறு எப்படி நேர்ந்தது. கடைசியில் ஒரு குட்டிக் கட்டம், அதன் தலைப்பு ‘சொல்லியாச்சா?’. அச்சில் வந்துவிட்டதா என்பதல்ல அந்தக் கேள்வி. யாரைப் பற்றித் தப்பாக எழுதினோமோ அவருக்கும், அந்தத் தப்பால் அடிபட்டவருக்கும் நேரடியாகத் தெரிவித்தாயிற்றா என்பது. தெரிவித்து, அவர் அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் அதில் ஒரு டிக் விழும். அந்த நோட்டில் எதையும் ரப்பரால் அழிக்க மாட்டார். மாற்ற வேண்டியிருந்தால் ஒற்றைக் கோடு அடித்து, பழையது படிக்கும்படி விட்டு, பக்கத்தில் புதியதையும் காரணத்தையும் எழுதுவார்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். அவர் துணை ஆசிரியராகச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு திருட்டுச் செய்தியில் திருடனின் படத்துக்குப் பதிலாக அதே பக்கத்தில் வரவேண்டிய ஒரு பள்ளி ஆசிரியரின் படத்தை வைத்துவிட்டார். மறுநாள் அவரே திருத்தம் எழுதினார்: ‘நேற்று ஐந்தாம் பக்கத்தில் வெளியான படம் தவறானது. வருந்துகிறோம்.’ அதற்கு மறுநாள் அந்த ஆசிரியர் அலுவலகத்துக்கே வந்து, பத்திரிகையை மேஜையில் விரித்து, மெதுவாகக் கேட்டாராம், இதில் எந்தப் படம், என்ன தவறு, நான் யார் என்று எங்கே சொல்லியிருக்கிறீர்கள் என்று. அந்த ஆசிரியர் வருடம் முடிவதற்குள் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். “அவர் கேட்டது மூணே கேள்வி. அதுக்கப்பறம் நான் எழுதின எல்லாத் திருத்தமும் அந்த மூணுக்கும் பதில்தான்” என்றார்.

இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டுத்தான் நான் அந்தத் தீ விபத்துச் செய்தியை எழுதினேன்.

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. திங்கட்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஒரு மெத்தைப் பட்டறையில் தீப்பிடித்தது. மாடியில் பஞ்சும் ரப்பர் நுரையும் அடுக்கி வைத்திருந்தார்கள். இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. நான் போய்ச் சேரும்போது முன்பக்க இரும்பு ஷட்டரைத் தீயணைப்புக்காரர்கள் உடைத்துத் திறந்திருந்தார்கள். ஐந்து உடல்களை எடுத்தார்கள். எதுவும் முகம் தெரிகிற நிலையில் இல்லை.

ஷட்டருக்கு வெளியே தனியாக இருந்த வாசல் அறையில் வருகைப் பதிவேடு எரியாமல் தப்பியிருந்தது. அதில் அன்றைக்கு ஆறு கையெழுத்துகள், ஐந்து தொழிலாளர்கள், ஒரு காவலாளி. ஐந்து உடல்கள் கிடைத்துவிட்டன. காவலாளியின் நாற்காலி காலி. சாவிக்கொத்து அவரிடம். எதிரே தையல் கடை வைத்திருந்தவர், புகை வந்ததும் காவலாளி நாற்காலியிலிருந்து எழுந்து பக்கத்துச் சந்துக்குள் ஓடினார், அப்புறம் திரும்பவே இல்லை என்று சொன்னார். இன்ஸ்பெக்டர் நின்றபடியே, “கம்பி நீட்டிட்டான், தேடிக்கிட்டு இருக்கோம்” என்றார். ஆறில் ஐந்து போனால் ஒன்று. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடப் போடுகிற கணக்கு. நானும் போட்டேன்.

மாலை ஐந்து மணிக்கு இணையதளத்தில் ஏறியது. மறுநாள் முதல் பக்கத்தில் நாலு பத்தி அகலத்துக்கு வந்தது: ‘மெத்தைப் பட்டறைத் தீயில் ஐவர் பலி, கதவைப் பூட்டிவிட்டுக் காவலாளி தப்பியோட்டம்’. பக்கத்தில் அவருடைய அடையாள அட்டைப் படம். காவலாளி ஓடினார் என்றுதான் தையல்காரர் சொன்னார். தப்பியது நான் சேர்த்தது. ஷட்டர் பூட்டியிருந்தது என்று தீயணைப்புக்காரர் சொன்னார். பூட்டியது யார் என்று நான் தீர்மானித்தேன். பத்திரிகை ஆசிரியர் என் முதுகில் தட்டினார். நல்ல செய்தி என்று நானும் அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன்.

புதன்கிழமை காலை காவல் நிலையத்துக்கு ஒருத்தர் தானாக வந்தார். பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட ஐந்து தொழிலாளர்களில் ஒருவர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வர, அன்றைக்குப் பட்டறைக்கு வராத மேற்பார்வையாளரிடம் போனில் சொன்னாலும் திட்டு விழும் என்று மதியச் சாப்பாட்டுக்கு ஷட்டர் திறந்திருந்த நேரத்திலேயே சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போயிருக்கிறார். தீ விபத்து என்று கேள்விப்பட்டதும் பயந்துபோய் அக்கா வீட்டில் பதுங்கிவிட்டார். அவர் உயிரோடு நிற்கிறார் என்றால், எடுத்த ஐந்து உடல்களில் தொழிலாளர்கள் நாலு பேர்தான். ஐந்தாவது யார்?

அன்று மதியம்தான் முதன்முறையாக அந்தச் சந்துக்குள் போனேன். முப்பது தப்படி இருக்கும். கோணலாகத் திரும்பி, பட்டறையின் பின்பக்கம் போய் முட்டி நின்றது. அங்கே ஒரு சிறிய இரும்புக் கதவு, உள்ளே மாடிப்படி. கொண்டியில் பூட்டு திறந்து தொங்கியது. சாவிக்கொத்து அதிலேயே இருந்ததைத் தீயணைப்புக்காரர்கள் திங்கட்கிழமையே எடுத்து, தங்கள் அறிக்கையில் எழுதி, காவல் நிலையத்தில் ஒப்படைத்திருந்தார்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். வேலை நேரத்தில் ஷட்டரைப் பூட்டி வைப்பது அந்தப் பட்டறையின் வழக்கமாம். முன்பக்கம் ஷட்டருக்குப் பின்னாலேயே நெருப்பு, அந்த வழியில் யாரும் நுழைய முடியாது. அந்த மனிதர் ஓடியது பின்கதவைத் திறக்க. திறந்து, உள்ளே போயிருக்கிறார். தையல்காரர் பார்த்தது அத்தனையும் உண்மை. அதில் பொய் என்று இருந்தது என்னுடைய பங்கு மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை அரசு மருத்துவமனையில் உறுதி செய்தார்கள். ஒரு உடலின் இடது கால் எலும்பில் பழைய உலோகத் தகடு இருந்தது. காவலாளிக்கு ஆறு வருடத்துக்கு முன்னால் அதே காலில் அறுவை செய்த எக்ஸ்ரே படத்தோடு அது அப்படியே பொருந்தியது. அதற்குள் இரண்டு நாள் அவர் மனைவியைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்து, புருஷனை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கேட்டிருந்தார்கள்.

எங்கள் பத்திரிகை என்ன செய்தது என்பதைச் சொல்ல வேண்டும். அந்தத் தொழிலாளர் வந்து நின்ற புதன்கிழமை மாலையே இணையதளத்தில் செய்தியை மாற்றிவிட்டார்கள். தலைப்பில் ‘தப்பியோட்டம்’ போனது, காவலாளி பற்றிய இரண்டு பத்திகளும் போயின, படம் போனது. எப்போது மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று ஒரு வரிகூட இல்லை. முதலில் இருந்ததே இப்படித்தான் என்பதுபோல் பச்சைப் பிள்ளை மாதிரி நின்றது அந்தப் பக்கம். இணையப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் முதலாளியின் மருமகன், அவரே செய்தது. சனிக்கிழமை ஏழாம் பக்கத்தில், ‘தீ விபத்து: காவலாளியும் பலியானது உறுதி’ என்று ஒரு சின்னச் செய்தி. ஐந்து நாளுக்கு முன்னால் நாங்களே அவரை ஓடவைத்தது பற்றி அதில் மூச்சு இல்லை.

எனக்கு அது நிம்மதியாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது.

வருத்தம் சாருக்கு இல்லை. ஏழாம் பக்கத்தைக் கையில் பிடித்தபடி ஆசிரியர் அறைக்குப் போனார். நாம் போட்டிருப்பது புதுச் செய்தி, திருத்தம் ஆகாது என்று வாதாடினார். முதல் பக்கத்தில் படித்தவர் ஏழாம் பக்கத்தைப் பார்க்காமல் போகலாம், பார்த்தாலும் இரண்டும் ஒரே ஆள் என்று அவர்களாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று யார் தலையெழுத்து என்று கேட்டார். சட்ட ஆலோசகரை அழைத்தார்கள். தப்பு என்று ஒப்புக்கொண்டு எழுதினால் அதையே ஆதாரமாக வைத்து வழக்குப் போடுவார்கள் என்று அவர் சொன்னார். பார்ப்போம் என்றார் ஆசிரியர். எங்கள் அலுவலகத்தில் பார்ப்போம் என்றால் பார்க்க மாட்டோம் என்று பொருள்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்குக் காவலாளியின் மனைவி வந்தார். ஐம்பது வயது இருக்கும். அழுது தீர்ந்துபோன முகம். வரவேற்பறையில் அவரை உட்கார வைத்துவிட்டு, செய்தி எழுதியவர் வரட்டும் என்று எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். நான் வருத்தம் சாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். தனியாகப் போகத் தைரியம் இல்லை.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“அவரு கால்ல தகடு தம்பி. வீட்டு மாடிப்படி ஏறவே கைப்பிடி வேணும். அவரு ஓடினாருன்னு எழுதறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

வீடு எங்கே என்று எனக்குத் தெரிந்திருந்தது. பட்டறையிலிருந்து பத்து நிமிட நடை. எனக்கு மணி ஐந்துக்குள் செய்தி ஏற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அவர் வந்தது அதற்காகவும் இல்லை. மகன் ஒருவன், வெளியூரில் லிஃப்ட் பொருத்தும் கம்பெனியில் மெக்கானிக். செவ்வாய்க்கிழமை காலையில் கூட வேலை செய்கிறவர்கள் எங்கள் செய்தியை போனில் அவனிடம் நீட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அங்கே அவனுக்கு ‘பூட்டு’ என்று பெயர். அம்மாவுக்குப் போன் செய்து அப்பா எங்கே என்று கேட்டிருக்கிறான். ஓடவில்லையடா, அவரால் முடியாது என்று அவர் சொல்ல, பாதி நம்பிப் பாதி நம்பாமல் வைத்துவிட்டான். வியாழக்கிழமை மறுபடி கூப்பிட்டான். இந்தமுறை குரலே வேறு. எங்கள் இணையப் பக்கத்தைத் திரும்பத் திறந்து பார்த்திருக்கிறான். அப்பா பற்றிய வரிகளைக் காணோம்.

“யாரைப் பிடிச்சு அந்த வரியை எடுக்க வச்சேன்னு எங்கிட்ட கேக்கறான் சார். உண்மை இல்லன்னா தப்புன்னு சொல்லியிருப்பாங்களே, சொல்லாம ஏன் எடுக்கணும், நீ யார் கால்லயோ விழுந்திருக்கேன்னு சொல்றான். அப்பறம் போனை அணைச்சுட்டான். அவரை அடக்கம் பண்ணப்பகூட அவன் இல்ல. நீங்க முத முதல்ல போட்ட மாதிரியே, அவன் கண்ணுல படற மாதிரி போடுங்க. வேற எதுவும் வேண்டாம்.”

நாங்கள் எடுத்த வரியே எங்கள் பொய்யை உறுதிப்படுத்திவிட்டது. எழுதியபோது பாதி நம்பியவன், அழித்தபோது முழுதாக நம்பிவிட்டான். வருத்தம் சார் நோட்டைத் திறந்து, பென்சிலை எடுத்து, கடைசிக் கட்டத்தின் நடுவில் ஒரு கோடு போட்டார்.

திங்கட்கிழமை காலையில் அவர் எழுதிய திருத்தத்தை ஆசிரியர் மேஜையில் வைத்தார். என்னையும் கூட நிற்கச் சொன்னார். கடைசியிலிருந்து நாலாவது வரியில் இணையதளத்தில் சத்தமில்லாமல் நீக்கியது பற்றி இருந்தது. அதை மட்டும் எடுத்துவிடுங்கள், மற்றதைப் போட்டுவிடலாம் என்று ஆசிரியர் இறங்கி வந்தார். முதலாளியின் மருமகன் விஷயம். வருத்தம் சாருக்கு வயது அறுபத்தொன்று. ஓய்வு வயது தாண்டி வருடா வருடம் நீட்டிப்பில் இருந்தவர், அடுத்த மாதம் நீட்டிப்புக் கடிதம் வரவேண்டும். ஆசிரியர் அதையும் ஜாடையாகச் சொன்னார்.

“சார், அந்தப் பையன் நம்பாம போனது நம்ம செய்தியால மட்டும் இல்ல, நாம அழிச்சதால. அதைச் சொல்லாம விட்டா இந்தத் திருத்தத்தையும் அவன் யாரோ போடச் சொன்னதுன்னுதான் நினைப்பான்” என்றார் வருத்தம் சார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நகரவே இல்லை. நானும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், தப்பு என்னுடையது, என்னைச் செய்தியாளர் என்று குறிப்பிட்டே போடுங்கள் என்று. ஆசிரியர் ஒன்றும் கெட்டவர் இல்லை. மதியம் ஒரு மணிக்குக் கையெழுத்துப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை, தப்பு வெளியாகிச் சரியாக ஒரு வாரம் கழித்து, முதல் பக்கத்தின் அடியில் காவலாளியின் அதே படத்தோடு இது வந்தது:

‘திருத்தம்: கடந்த செவ்வாய்க்கிழமை இதே பக்கத்தில், மெத்தைப் பட்டறைத் தீ விபத்தின்போது காவலாளி கதவைப் பூட்டிவிட்டுத் தப்பியோடியதாக வெளியான செய்தி தவறு. அவர் பின்பக்கக் கதவைத் திறந்து உள்ளே சென்று தீயில் இறந்தார். இறந்த ஐவரில் அவரும் ஒருவர். இறந்தவர்களின் எண்ணிக்கையில் மாற்றம் இல்லை. வருகைப் பதிவேட்டில் இருந்த தொழிலாளர்கள் ஐவரும் இறந்ததாக நாம் கருதினோம். அவர்களில் ஒருவர் தீப்பிடிக்குமுன் வெளியே சென்றிருந்தது புதன்கிழமை தெரியவந்தது. காவலாளி பக்கத்துச் சந்துக்குள் ஓடியதை ஒருவர் பார்த்திருந்தார். அதை நம் செய்தியாளர் தப்பியோடியதாக எழுதினார். அந்தச் சந்தில் பின்கதவு இருப்பதைச் சென்று பார்க்கவில்லை, குடும்பத்தாரிடம் கேட்கவில்லை. உடல் அவருடையதுதான் என்பதை, காலில் பொருத்தியிருந்த உலோகத் தகட்டைக் கொண்டு மருத்துவர்கள் வெள்ளிக்கிழமை உறுதி செய்தனர். நம் இணையதளத்தில் இந்தத் தவறான வரிகள் புதன்கிழமை மாலை எந்த அறிவிப்பும் இன்றி நீக்கப்பட்டன. அதுவும் தவறு. யாரும் கேட்டு அவை நீக்கப்படவில்லை. வருந்துகிறோம்.’

இணையப் பக்கத்திலும் இதைச் செய்தியின் தலையிலேயே, நாளும் மணியும் போட்டு வைக்கச் செய்தார். பழைய தலைப்பு என்ன, புதியது என்ன என்று இரண்டும் அங்கே இருந்தன. ‘யாரும் கேட்டு அவை நீக்கப்படவில்லை’ என்ற நாலு சொல்லுக்காக அவர் ஞாயிற்றுக்கிழமை முழுதும் பென்சில் கடித்ததை நான் பார்த்தேன். அது ஊருக்காக எழுதியது இல்லை. ஒரே ஒரு ஆளுக்கு எழுதியது.

சாயங்காலம் நாங்கள் இருவரும் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனோம். அவருக்குப் படிக்கத் தெரியாது. வருத்தம் சார் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக, மூன்று முறை படித்துக் காட்டினார். மூன்றாவது முறை அந்த அம்மாவும் கூடவே முணுமுணுத்தார். வெளியே வந்து சார் நோட்டைத் திறந்தார். கடைசிக் கட்டத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்திருந்தார். மேலே ‘மனைவி’, அதில் டிக் போட்டார். கீழே ‘மகன்’. அது காலி.

அடுத்த மாதம் நீட்டிப்புக் கடிதம் வரவில்லை. முப்பத்தேழு வருட வேலைக்கு ஒரு மாலை, ஒரு சுவர்க் கடிகாரம். முதலாளியின் மருமகன் வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார். ஆறு மாதத்தில் திருத்தப் பகுதியையும் எடுத்துவிட்டார்கள், இடம் வீணாகிறதாம். இணையத்தில் தினமும் பத்து இடத்தில் வரிகள் காணாமல் போயின. யாரும் கேட்கவில்லை.

வழக்கும் வரவில்லை. அந்த அம்மா எங்கே போய் வழக்குப் போடுவார்? ஆனால் பழைய செய்தியின் படம் மட்டும் போன் விட்டுப் போன் சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கேயாவது தீப்பிடித்தால் போதும், ‘இப்படியும் சில காவலாளிகள்’ என்று யாராவது அதை எடுத்துப் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் நான் கீழே திருத்தத்தின் இணைப்பை வைப்பேன். இரண்டு பேர் பார்ப்பார்கள். அதற்குள் படம் இருநூறு பேரைத் தாண்டியிருக்கும்.

மகனை நான் தேடிக்கொண்டே இருந்தேன். பழைய கம்பெனியை விட்டுவிட்டான். அங்கிருந்த ஒருவர் மூலம் இன்னொருவர், அவர் மூலம் இன்னொருவர் என்று ஒன்பது மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை அவன் எண் கிடைத்தது. நான் யார் என்று சொன்னேன். தப்பு செய்தது நான் என்று சொன்னேன். திருத்தத்தை முழுதாகப் படித்துக் காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டான். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

“முதல்ல ஓடிட்டாருன்னு போட்டீங்க. அப்பறம் அந்த வரியையே காணோம். அப்பறம் உள்ள போய்ச் செத்தாருன்னு போட்டீங்க. அஞ்சு உடம்புல எது யாருதுன்னே உங்களுக்குத் தெரியல. நாளைக்கு என்ன போடுவீங்க சார்?”

அவன் கத்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவன்போலத்தான் கேட்டான். தகடு, எக்ஸ்ரே என்று நான் ஆரம்பித்தேன். வைத்துவிட்டான். மதியம் கூப்பிட்டபோது அந்த எண் உபயோகத்தில் இல்லை.

அந்த அம்மாவிடம் ஒளிக்காமல் போய்ச் சொன்னேன். “அவன் கேக்கறது நியாயந்தானே தம்பி” என்றார். அதற்குப் பிறகு என்னிடம் மகனைப் பற்றிக் கேட்டதே இல்லை.

வருத்தம் சாரிடம் சொல்லப் போனது அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. நுரையீரலில் நீர் கோத்து, மூன்று மாதமாகப் படுக்கையில் இருந்தார். மகள் வீட்டில் ஜன்னல் ஓரமாகக் கட்டில். சட்டை போடவில்லை, ஆனால் தலையணைக்குப் பக்கத்தில் இரண்டு பென்சில்களும் இருந்தன. என்னைப் பார்த்ததும் நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

“பையனுக்குச் சொல்லியாச்சா?”

மூச்சு வாங்க வாங்கக் கேட்டார். மகள் என்னைப் பார்த்து, இன்னும் சில நாள்தான் என்பதுபோல் தலையசைத்தாள். சொல்லியாச்சு சார் என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அவர் விடுகிற ஆளா? யார் சொன்னது என்றார். நானே என்றேன். எப்போது என்றார். வியாழக்கிழமை காலை என்றேன். முழுசாகப் படித்துக் காட்டினாயா என்றார். ஆமாம் என்றேன். எல்லாம் உண்மை. பட்டறை வாசலில் நின்று நான் சேகரித்ததும் இப்படித்தான், ஒவ்வொன்றும் உண்மை.

“நம்பினானா?”

“நம்பிட்டான் சார். அம்மாகிட்ட வந்துட்டான்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இதற்கு மட்டும் ஆதாரம் கேட்கவில்லை. அவர் ஒரு தகவலைச் சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். மகளிடம் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து வரச் சொன்னார். நான்தான் அந்தப் பக்கத்தைத் தேடித் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். படுத்தபடியே, ‘மகன்’ என்று எழுதியிருந்த குட்டிக் கட்டத்தில் டிக் போட்டார். கோடு கட்டத்தைத் தாண்டி வெளியே போய்விட்டது. “கொஞ்சம் கோணல்” என்றார்.

ஒன்பதாம் நாள் போய்விட்டார். எங்கள் பத்திரிகையில் நாலு வரி வந்தது. வயதை ஒன்று குறைத்துப் போட்டிருந்தார்கள். திருத்தம் வரவில்லை.

காரியங்கள் முடிந்ததும் மகள் நோட்டுகளை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு என்னிடம் கொடுத்தாள், அப்பா உங்களிடம்தான் தரச் சொன்னார் என்று. இருபத்திரண்டு நோட்டுகள். ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். காலியான கட்டங்கள் நிறைய இருந்தன. சொல்லப்படாமலே செத்துப்போனவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள். ஆனால் விழுந்த டிக் எதுவும் பொய்யில்லை, அந்த ஒன்றைத் தவிர. அதை அவர் கையால் போட வைத்தவன் நான்.

நேற்று காலை அந்தப் பக்கத்தைத் திறந்து, அவருடைய பென்சிலாலேயே, கோணல் டிக்கின் மேல் ஒற்றைக் கோடு அடித்தேன். டிக் கீழே தெரியும்படி விட்டேன். அதற்கு அடியில் புதிதாக ஒரு வரி, அவர் சொல்லிக்கொடுத்த முறையில். நேற்றைய தேதி. சொன்னது: மகன் நம்பிவிட்டான், அம்மாவிடம் வந்துவிட்டான். உண்மை: மகன் நம்பவில்லை, வரவில்லை. தவறு நேர்ந்தது எப்படி: கேட்டவர் சாகக் கிடந்தார், உண்மையைச் சொல்ல எனக்கு நெஞ்சு வரவில்லை. சொன்னவன் அந்தச் செய்தியை எழுதிய அதே ஆள்.

கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது பென்சில் நின்றுவிட்டது. சொல்லியாச்சா? யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர் போய்விட்டார். அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டு நோட்டை மூடினேன்.